பங்கின் லாபமும் பத்திரத்தின் வட்டியும்: நிஃப்டி விலையை எடைபோடும் ஒரு கணக்கு

2008 ஜனவரி 15 முதல் 18 வரை நாடு முழுக்கப் புரோக்கர் அலுவலகங்களில் கூட்டம் நெரிந்தது. ரிலையன்ஸ் பவர் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் அவர்கள். அந்த நிறுவனத்தின் மின் நிலையங்களில் ஒன்றுகூட அப்போது ஓடத் தொடங்கியிருக்கவில்லை. ஆனாலும் விற்பனைக்கு வைத்த பங்குகளைப் போல 70 மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 8 அன்று, நிஃப்டி 50 குறியீடு 6,287 புள்ளிகளில் முடிந்திருந்தது. அதன் பி.இ. விகிதம் 28-ஐ ஒட்டி இருந்தது. பத்து மாதங்கள் கழித்து, அக்டோபர் 27 அன்று, அதே நிஃப்டி 2,524-இல் முடிந்தது. பி.இ. 11-ஐ ஒட்டிச் சுருங்கியிருந்தது. அப்போது புரோக்கர் அலுவலகங்களில் ஆளில்லை.

இந்த இரண்டு நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த அத்தியாயத்தின் கணக்கு முழுவதும் விளங்கிவிடும். பி.இ. 28 என்றால் நிறுவனங்கள் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முதலீட்டாளர் 28 ரூபாய் கொடுக்கிறார் என்று பொருள். அதையே தலைகீழாகத் திருப்பினால், அவர் போடும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் நிறுவனங்கள் ஆண்டுக்கு 3 ரூபாய் 60 காசு சம்பாதிக்கின்றன. இந்த 3.6 சதவீதத்துக்குப் பெயர்தான் ஏர்னிங்ஸ் யீல்டு. நூறைப் பி.இ.யால் வகுத்தால் போதும், அது கிடைத்துவிடும்.

அதே 2008 ஜனவரியில் மத்திய அரசின் பத்தாண்டுப் பத்திரம் ஏறத்தாழ ஏழரை சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. கேள்வி எளிமையானது. 100 ரூபாய்க்கு அரசு ஏழரை ரூபாய் தர உத்தரவாதம் கொடுக்கும்போது, எந்த உத்தரவாதமும் இல்லாத மூன்றரை ரூபாய் லாபத்துக்காக ஒருவர் ஏன் பங்கு வாங்க வேண்டும்? அக்டோபரில் இந்தக் கேள்வி திரும்பி நின்றது. அப்போது பங்குப் பக்கம் ஒன்பது ரூபாய் லாபம். பத்திரப் பக்கம் அதே ஏழரையை ஒட்டிய வட்டி.

இரண்டு எண்கள், ஒரு வகுத்தல்

நிஃப்டியின் பி.இ.யைத் தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு வர்த்தக நாளும் வெளியிடுகிறது. குறியீட்டில் உள்ள 50 நிறுவனங்களிலும் சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பைக் கூட்டி, அந்தப் பங்குகளுக்கு உரிய கடைசி நான்கு காலாண்டு லாபத்தின் கூட்டுத்தொகையால் வகுத்து வருவது அது. பழைய ஆண்டுகளின் எண்களும் சந்தையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பத்திரப் பக்கத்து எண்ணில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பத்திரத்தின் மேல் அச்சிட்ட வட்டி ஒன்று, யீல்டு வேறு. 100 ரூபாய் முகமதிப்புள்ள பத்தாண்டுப் பத்திரம் ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது சந்தையில் 93 ரூபாய்க்குக் கிடைத்தால், வாங்குபவருக்கு அந்த 7 ரூபாய் வட்டியும் கிடைக்கும், முதிர்வின்போது 7 ரூபாய் கூடுதலாகவும் கிடைக்கும். எல்லாம் சேர்ந்து அவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சதவீதம் வருகிறது. அதுதான் யீல்டு. பத்திர விலை இறங்கினால் யீல்டு ஏறும், விலை ஏறினால் யீல்டு இறங்கும். ஒப்பிட வேண்டியது பத்தாண்டுப் பத்திரத்தின் இந்தச் சந்தை யீல்டைத்தான். வணிகப் பத்திரிகைகளில் தினமும் வரும் எண் அது. வங்கியின் ஓராண்டு டெபாசிட் வட்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருந்தாது. நிறுவனங்களின் லாபம் பல ஆண்டுகளுக்கு நீளும் ஒன்று, அதனோடு நீண்ட காலப் பத்திரத்தைத்தான் நிறுத்த முடியும்.

2024 செப்டம்பர் 26 அன்று நிஃப்டி 26,216-இல் முடிந்து அப்போதைய உச்சத்தைத் தொட்டது. பி.இ. 24-ஐச் சற்றே தாண்டியிருந்தது. ஏர்னிங்ஸ் யீல்டு 4.1 சதவீதம். பத்தாண்டுப் பத்திரம் 6.75 சதவீதத்தை ஒட்டி. பத்திர யீல்டை ஏர்னிங்ஸ் யீல்டால் வகுத்தால் 1.65 வருகிறது. சிலர் வகுக்காமல் கழித்துப் பார்ப்பார்கள். அப்போது இரண்டரை சதவீதத்துக்கு மேல் பங்குப் பக்கம் பின்தங்கி நிற்பது தெரியும். இந்திய வட்டி நிலவரத்துக்கு இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இந்த அத்தியாயம் வகுத்தல் முறையைப் பயன்படுத்துகிறது.

அமெரிக்க விதி இங்கே ஏன் செல்லாது

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், 1997 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் ஒரு வரைபடத்தைச் சேர்த்திருந்தது. எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் ஏர்னிங்ஸ் யீல்டும் பத்தாண்டுப் பத்திரத்தின் யீல்டும் ஒன்றையொன்று ஒட்டி நகர்வதை அது காட்டியது. எட் யார்டெனி என்ற பொருளாதார வல்லுநர் அதற்கு 'ஃபெட் மாடல்' என்று பெயர் வைத்தார். மத்திய வங்கி அப்படியொரு மாடலை அதிகாரபூர்வமாக ஏற்கவே இல்லை, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு யீல்டும் சமமாக இருந்தால் நியாய விலை, பங்குப் பக்கம் குறைந்தால் விலை அதிகம், கூடினால் மலிவு. விதி அவ்வளவுதான்.

இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்பவருக்கு இந்தியப் பங்குகள் எப்போதுமே விலை அதிகமாகத்தான் தெரியும். நிஃப்டியின் நீண்ட கால சராசரி பி.இ. சுமார் 20, அதாவது ஏர்னிங்ஸ் யீல்டு 5 சதவீதம். பத்தாண்டுப் பத்திரமோ பெரும்பாலான ஆண்டுகளில் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையே. சாதாரண நாளிலேயே விகிதம் ஒன்றரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒன்றுக்குக் கீழே வரட்டும் என்று காத்திருப்பவர் 2008 அக்டோபர் மாதிரியான ஓர் அபூர்வ வாய்ப்புக்காகப் பல ஆண்டுகள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இந்த இடைவெளிக்குக் காரணம், இரண்டு எண்களும் ஒரே இனம் இல்லை என்பதே. பத்திரத்தின் 7 ரூபாய் பத்தாவது ஆண்டிலும் 7 ரூபாய்தான். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. நிறுவனத்தின் லாபம் அப்படி இல்லை. சோப்பு விலை ஏறினால் சோப்பு விற்கும் நிறுவனத்தின் வருமானமும் ஏறும். அதோடு லாபத்தில் ஒரு பகுதியை மட்டும் டிவிடெண்டாகக் கொடுத்துவிட்டு மீதியைத் தொழிலிலேயே போடுகிறார்கள், அதனாலும் லாபம் வளர்கிறது. பணவீக்கமும் வளர்ச்சியும் கூடுதலாக உள்ள நாட்டில் பத்திர வட்டி உயரமாகவும், பங்கின் இன்றைய லாபம் தாழ்வாகவும் தெரிவது இயல்பு. கிளிஃப் ஆஸ்னஸ் என்ற நிதி மேலாளர் 2003-இல் ஃபெட் மாடலை எதிர்த்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையப் புள்ளியும் இதுதான்: பத்திர யீல்டுக்குள் பணவீக்க எதிர்பார்ப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது, ஏர்னிங்ஸ் யீல்டுக்குள் அது அப்படி அடங்கவில்லை.

அமெரிக்காவிலேயே அந்த விதி சறுக்கியதுண்டு. 1981 செப்டம்பர் இறுதியில் பத்தாண்டுப் பத்திரம் 15 சதவீதத்தைத் தாண்டி நின்றது. எஸ் அண்ட் பி 500-இன் பி.இ. 8-க்கும் கீழே, ஏர்னிங்ஸ் யீல்டு 13 சதவீதம். ஃபெட் மாடலின்படி பங்குகள் விலை அதிகம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியதோ அந்த நாட்டின் வரலாற்றிலேயே மிக நீண்ட ஏற்றங்களில் ஒன்று. எட்டு மடங்குக்கும் குறைவான விலைக்குக் கிடைத்த ஒன்றை 'விலை அதிகம்' என்று சொல்லும் அளவுகோலைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கையில் எடுக்க வேண்டும்.

எட்டிப்பிடிக்க எத்தனை ஆண்டு?

விகிதத்தை வெறும் எண்ணாகப் பார்ப்பதைவிட ஆண்டுகளாக மாற்றிப் பார்த்தால் பொருள் பிடிபடும். 100 ரூபாய்க்கு 4.1 ரூபாய் லாபம் தரும் நிஃப்டி, ஆண்டுக்கு 10 சதவீதம் லாப வளர்ச்சி கண்டால் எப்போது பத்திரத்தின் 6.75 ரூபாயைத் தொடும்? முதல் ஆண்டு முடிவில் 4.5, அடுத்து 5, பிறகு 5.5, 6, 6.6. ஐந்தாண்டு தாண்டியதும் எட்டிப்பிடித்துவிடும். 2024 செப்டம்பர் உச்சத்தில் வாங்கியவர் மறைமுகமாக ஒப்புக்கொண்ட பேரம் இது. 2008 ஜனவரியில் வாங்கியவரின் பேரத்தில், 3.6 ரூபாய் லாபம் ஏழரையைத் தொட அதே 10 சதவீத வளர்ச்சியில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆக வேண்டும். வளர்ச்சி 6 சதவீதமாகக் குறைந்தால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். அதற்குள் பத்தாண்டுப் பத்திரம் முதிர்ந்து பணமே கைக்கு வந்துவிடும்.

நடந்தது என்ன என்று பார்க்க இன்று வசதி இருக்கிறது. 2008 ஜனவரியில் நிஃப்டியை ஒரே பங்காகக் கற்பனை செய்தால், 6,287 ரூபாய் விலைக்கு அதன் ஆண்டு லாபம் ஏறத்தாழ 225 ரூபாய். சரியாகப் பத்தாண்டு கழித்து, 2018 ஜனவரி 8 அன்று, நிஃப்டி 10,600-ஐச் சற்றுத் தாண்டியிருந்தது. பி.இ. 27-ஐ ஒட்டி இருந்தது, எனவே லாபம் 390 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பத்தாண்டில் லாபம் முக்கால் பங்குதான் கூடியிருக்கிறது. ஆண்டுக்கு ஆறு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வளர்ச்சி. 2008-இல் போட்ட 100 ரூபாய்க்கு லாபம் 3.6-இலிருந்து 6.25-க்கு வந்திருக்கிறது, பத்திரத்தின் ஏழரையை அது பத்தாவது ஆண்டிலும் தொடவில்லை. குறியீட்டின் ஏற்றம் ஆண்டுக்கு 5.4 சதவீதம். ஒன்றே சொச்சம் சதவீத டிவிடெண்டைச் சேர்த்தாலும் பத்திரம் வைத்திருந்தவர்தான் முந்தினார், அதுவும் இரவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே.

இனி அதே ஆண்டு அக்டோபர் 27-இல் வாங்கியவரின் கணக்கு. 2,524 விலைக்கு ஏர்னிங்ஸ் யீல்டு ஒன்பது சதவீதம். எட்டிப்பிடிக்கும் ஓட்டமே அங்கு இல்லை, பங்கு முதல் நாளே பத்திரத்துக்கு முன்னால் நின்றது. பத்தாண்டு கழித்து 2018 அக்டோபர் கடைசி வாரத்தில் நிஃப்டி 10,000-ஐ ஒட்டி இருந்தது. ஏறத்தாழ நான்கு மடங்கு, டிவிடெண்ட் இல்லாமலேயே ஆண்டுக்கு 14 சதவீதத்துக்கு மேல். நிறுவனங்கள் பெரும்பாலும் அதேதான், நாடும் அதே நாடுதான், இந்தப் பத்தாண்டும் அந்தப் பத்தாண்டும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. மாறியது கொடுத்த விலை மட்டுமே.

ஆனால் அந்த அக்டோபரில் வாங்கியவர் உடனே சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009 மார்ச்சில் நிஃப்டி மீண்டும் 2,573-க்கு இறங்கி அவரைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. இடையில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 9 சதவீதத்திலிருந்து படிப்படியாகப் பாதிக்குப் பக்கத்தில் வெட்டியது, பத்தாண்டுப் பத்திர யீல்டு டிசம்பர் இறுதியில் ஐந்தேகாலை ஒட்டிச் சரிந்தது. பங்கின் மலிவு இன்னும் பளிச்சென்று தெரிந்தது, சந்தை அசையவில்லை. தேர்தல் முடிவு வந்த பிறகு, மே 18 அன்று, ஒரே நாளில் நிஃப்டி 17 சதவீதத்துக்கு மேல் தாவி வர்த்தகமே நிறுத்தப்பட்டது. மலிவு என்று கணக்கு சொன்ன நாளுக்கும் சந்தை அதை ஒப்புக்கொண்ட நாளுக்கும் இடையே ஏழு மாதம்.

லாபம் பொய் சொல்லும் நேரங்கள்

இந்தக் கணக்கைப் போடுபவர்கள் பெரும்பாலும் வழுக்குவது லாபத்தின் பக்கம்தான். பத்திரத்தின் வட்டி ஒப்பந்தத்தில் எழுதியது, அதில் குழப்பமில்லை. லாபம் என்பது கணக்காளர்கள் கடந்த நான்கு காலாண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தது.

2021 பிப்ரவரியில் நிஃப்டியின் பி.இ. 40-ஐத் தாண்டியது. ஏர்னிங்ஸ் யீல்டு இரண்டரை சதவீதத்துக்குக் கீழே, பத்திரம் 6-ஐ ஒட்டி, விகிதம் இரண்டரை. 2008 ஜனவரியின் விகிதமே 2.1-தான். அந்த எண்ணை மட்டும் நம்பியவர் எல்லாவற்றையும் விற்றிருப்பார். ஆனால் நிஃப்டி அப்போது இருந்த 15,000-இலிருந்து அக்டோபரில் 18,477 வரை போனது.

கணக்கில் என்ன கோளாறு? அந்த நான்கு காலாண்டுகளுக்குள் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான ஊரடங்குக் காலாண்டு உட்கார்ந்திருந்தது. ஆலைகள் மூடிக் கிடந்த காலம் அது. அதே காலாண்டில் பார்தி ஏர்டெல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அரசுக்குக் கட்ட வேண்டிய ஏ.ஜி.ஆர். நிலுவைக்காகப் பெரும் தொகையை ஒதுக்கி, ஒருங்கிணைந்த கணக்கில் 15,900 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. ஒரு முறை மட்டும் வரும் செலவு அது. ஐம்பது நிறுவனங்களின் லாபத்தையும் கூட்டும்போது இப்படியொரு நஷ்டம் மற்றவர்களின் லாபத்தையும் தின்றுவிடும். வகுக்கும் எண் சுருங்கினால் பி.இ. வீங்கும், ஏர்னிங்ஸ் யீல்டு மெலியும். பங்குகள் கொஞ்சம் விலை அதிகமாக இருந்தது உண்மைதான், ஆனால் எண் கத்திய அளவுக்கு இல்லை.

அதைவிடக் கடுமையான உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 2009 மார்ச் 9 அன்று எஸ் அண்ட் பி 500 குறியீடு 676 புள்ளிகளில் அடிமட்டத்தைத் தொட்டது. வங்கிகள் வாராக்கடனையெல்லாம் ஒரேயடியாக எழுதித் தள்ளிய காலம் என்பதால், அந்த மாதம் வரையிலான ஓராண்டுக்கு ஐநூறு நிறுவனங்களின் அறிவிக்கப்பட்ட லாபம் குறியீட்டுக் கணக்கில் 7 டாலருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஏர்னிங்ஸ் யீல்டு ஒரு சதவீதத்தை ஒட்டி. ஒரு தலைமுறைக்கே கிடைத்த மிக நல்ல வாங்கும் தருணத்தில், இந்த அளவுகோல் 'தொடாதே' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். பி.இ. ஏறியிருக்கும்போது குறியீடும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறியீடு விழுந்துகிடக்கும்போதோ அசையாமல் இருக்கும்போதோ பி.இ. மட்டும் வீங்கினால், லாபத்தில் ஏதோ முறிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது குறியீட்டைப் பி.இ.யால் வகுத்து லாப எண்ணைக் கண்டுபிடித்து, அதை ஓராண்டுக்கு முந்தைய லாபத்தோடு ஒப்பிட வேண்டும். மிகவும் சரிந்திருந்தால், சரிவுக்கு முந்தைய லாபத்தை வைத்தோ, மூன்று நான்கு ஆண்டுகளின் சராசரி லாபத்தை வைத்தோ ஏர்னிங்ஸ் யீல்டைத் திரும்பப் போடலாம். சில தரகு நிறுவனங்கள் இதற்குப் பதிலாக வரப்போகும் ஆண்டின் மதிப்பீட்டு லாபத்தைப் பயன்படுத்துகின்றன. அந்த மதிப்பீடுகள் ஆண்டுத் தொடக்கத்தில் தாராளமாகவும் போகப் போகக் கஞ்சத்தனமாகவும் மாறுகிற பழக்கம் உள்ளவை. அவற்றை வைத்தால் பங்கு எப்போதும் கொஞ்சம் மலிவாகவே தோன்றும்.

லாபத்தின் பக்கம் இந்தியாவுக்கே உரிய இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2021 மார்ச் கடைசி வரை தேசியப் பங்குச் சந்தை நிஃப்டியின் பி.இ.யைத் தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கை வைத்துப் போட்டது. டாடா மோட்டார்ஸின் லாபத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் சேராது, ரிலையன்ஸின் லாபத்தில் ஜியோ சேராது. மார்ச் 31 முதல் துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்குக்கு மாறினார்கள். முந்தைய நாள் 40-ஐத் தாண்டியிருந்த பி.இ. மறுநாள் 33-ஐ ஒட்டி இறங்கியது. ஒரே இரவில் சந்தை மலிவாகிவிடவில்லை, அளக்கும் கோல் மாறிவிட்டது.

இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. மேலே சொன்ன சராசரி 20 பெரும்பாலும் பழைய கோலால் அளந்தது. இன்று ஒருவர் பி.இ. 22 என்று பார்த்துவிட்டு, 'சராசரியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்' என்று ஆறுதல் அடைந்தால் தவறு. பழைய கோலில் அது 22-க்கு மேலேயே இருந்திருக்கும். மாறிய நாளில் இரண்டு கோலுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். எல்லா ஆண்டிலும் அதே வித்தியாசம் இருந்திருக்காது, எனவே அதை வைத்துப் பழைய எண்களை எல்லாம் திருத்தி எழுதுவதும் சரியில்லை. பாதுகாப்பான வழி, 2021 ஏப்ரலுக்குப் பிந்தைய எண்களை அவற்றுக்குள்ளேயே ஒப்பிடுவது. பழைய வரலாற்றைத் திசை காட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பத்திரம் பொய் சொல்லும் நேரங்கள்

இவை அபூர்வம், ஆனால் வந்தால் பெரிதாக வரும். ஜப்பானில் 1989 கடைசி வர்த்தக நாளில் நிக்கேய் குறியீடு 38,915-இல் நின்றது. பி.இ. 60-ஐ ஒட்டி, பத்திர யீல்டு ஐந்தரை சதவீதத்தை ஒட்டி. விலை அதிகம் என்ற எச்சரிக்கை தெளிவாக இருந்தது, அது பலித்தது. கதை அங்கே முடியவில்லை. பொருளாதாரம் முடங்கியதால் பத்திர யீல்டு ஆண்டுக்காண்டு இறங்கி, 1990-களின் பிற்பகுதியில் 2 சதவீதத்துக்கும் கீழே போனது. பத்திரத்தோடு ஒப்பிட்டால் பங்கு மலிவு என்று அளவுகோல் திரும்பத் திரும்பச் சொன்னது. நிக்கேயோ 2009 மார்ச்சில் 7,054 வரை போனது. 1989 உச்சத்தைத் திரும்பத் தொட 2024 பிப்ரவரி ஆனது. வட்டி குறைந்ததற்குக் காரணம் வளர்ச்சி செத்துப்போனது. வளர்ச்சி இல்லாத இடத்தில் மேலே சொன்ன எட்டிப்பிடிக்கும் கணக்கும் செத்துவிடுகிறது.

எதிர்ப்பக்க உதாரணம் இலங்கை. 2022 இறுதியில் அங்கே 91 நாள் திறைசேரி உண்டியலின் யீல்டு 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதனோடு ஒப்பிட்டால் கொழும்புப் பங்குச் சந்தையில் எதுவுமே மலிவாகத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த 30 சதவீதம் உத்தரவாதமான வட்டி இல்லை. விலைவாசி பாய்ச்சலும், அரசு பணத்தைத் திருப்பித் தருமா என்ற பயமும் கலந்த எண் அது. இந்தக் கணக்கு முழுவதுமே 'அரசுப் பத்திரம் ஆபத்தில்லாதது' என்ற அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அடித்தளம் ஆடும்போது மேலே கட்டியதைப் பார்த்துப் பயனில்லை.

கையில் எடுப்பது எப்படி

மேலே சொன்ன நாள்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்து ஒரே வரிசையில் வைத்தால் இந்தியாவுக்கு ஒரு தோராயமான வரைபடம் கிடைக்கிறது. 2008 ஜனவரியில் விகிதம் 2.1. அதே ஆண்டு அக்டோபரில் 0.8-ஐ ஒட்டி. கொரோனா பயத்தில் நிஃப்டி 7,610-க்குச் சரிந்த 2020 மார்ச் 23 அன்று பி.இ. 17, பத்திரம் ஆறேகால், விகிதம் 1.1-க்குக் கீழே. 2024 செப்டம்பரில் 1.65. அங்கிருந்து சரிந்து 2025 மார்ச் 4 அன்று 22,082-க்கு வந்தபோது பி.இ. 20-ஐ ஒட்டி, பத்திரம் 6.7, விகிதம் 1.3 சொச்சம். இரண்டைத் தாண்டினால் எச்சரிக்கை, ஒன்றேகாலுக்குக் கீழே இறங்கினால் துணிச்சல் என்று சொல்லத் தோன்றும், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். நடுவில் உள்ள 1.4 முதல் 1.8 வரையிலான பகுதியில் இந்தக் கணக்குக்குச் சொல்ல எதுவுமில்லை. சந்தை தன் காலத்தில் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறது என்பது கசப்பான உண்மை.

எனவே இதை வாங்கு-விற்பு மணியாக வைத்துக்கொள்பவர் ஏமாறுவார். புதிதாகப் போடும் பணம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்ய இது உதவும். மாதம் 20,000 ரூபாய் சேமிக்கும் ஒருவர் சாதாரணமாக 14,000-ஐப் பங்கு ஃபண்டிலும் 6,000-ஐக் கடன் பத்திர ஃபண்டிலும் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். விகிதம் இரண்டை நெருங்கும்போது அவர் அதைப் பாதிக்குப் பாதியாக மாற்றலாம். ஒன்றேகாலுக்குக் கீழே போனால் பங்குப் பக்கத்தை 17,000 ஆக்கலாம். எஸ்.ஐ.பி.யை நிறுத்தவோ, ஏற்கெனவே வைத்திருப்பதை விற்கவோ தேவையில்லை. விற்றால் வரியும் உண்டு. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்தில் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 12.5 சதவீதம் கட்ட வேண்டும். அந்த வரியையும் தாண்டி லாபம் பார்க்கும் அளவுக்கு இந்தக் கணக்கு துல்லியமானது இல்லை.

இதைத் தினமும் பார்ப்பதும் வீண். விலை தினமும் ஆடும், லாபம் காலாண்டுக்கு ஒரு முறைதான் மாறும். மார்ச் காலாண்டு முடிவுகள் மே மாதக் கடைசிக்குள்ளும், ஜூன் காலாண்டு முடிவுகள் ஆகஸ்ட் நடுவிலும், செப்டம்பர் காலாண்டு நவம்பர் நடுவிலும், டிசம்பர் காலாண்டு பிப்ரவரி நடுவிலும் வந்து முடிந்துவிடும். ஒரு நோட்டில் அந்த நான்கு சமயங்களில் ஐந்து எண்களை எழுதினால் போதும்: நிஃப்டி, பி.இ., அதிலிருந்து கிடைக்கும் லாபம், பத்தாண்டு யீல்டு, விகிதம். மூன்றாவது எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விகிதம் மாறும்போது அது விலையால் மாறியதா, லாபத்தால் மாறியதா, வட்டியால் மாறியதா என்று பிரித்துச் சொல்வது அந்த எண். 2021 பிப்ரவரியில் அதை எழுதி வைத்திருந்தவர், லாபம் ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிடக் கீழே கிடப்பதைக் கண்டு, பி.இ. 40-ஐப் பார்த்துப் பதறியிருக்க மாட்டார்.